விவாகரத்துத் தீர்ப்பாணை, தத்துக்கான சம்மதம் ஆகாது

“பிள்ளையோட கஸ்டடி என்கிட்டதானே இருக்கு, அவர் கையெழுத்து எதுக்கு மேடம்?” மறுமணம் செய்துகொண்டு, பிள்ளையை இப்போதைய கணவருக்குத் தத்துக் கொடுக்க நினைக்கும் தாய்மார் பலர், முன்னாள் கணவரைப் பற்றி என்னிடம் கேட்பது இது.

அண்மையில் வந்த தம்பதி, தத்துப் பத்திரத்தையே தயாராக எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒன்பது வயது மகளைத் தாய் கொடுக்கிறார், இப்போதைய கணவர் பெற்றுக்கொள்கிறார். பெற்ற தந்தை கையெழுத்திட அதில் இடமே இல்லை. காரணம் கேட்டதும், பரஸ்பர சம்மத விவாகரத்துத் தீர்ப்பாணையில் ஒரு வரியைக் காட்டினார்கள்: “மகள் தாயின் பொறுப்பில் இருப்பாள், தந்தை எந்த உரிமையும் கோரமாட்டார்.”

அந்த வரி பிள்ளை யாரிடம் வளர்வது என்பதை மட்டுமே தீர்க்கிறது. தந்தை என்ற உறவை அது அறுக்கவில்லை. தத்துதான் அதை அறுக்கிறது. 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தின் 9-ஆவது பிரிவுப்படி, தாய், தந்தை இருவருக்கும் தத்துக் கொடுக்கும் உரிமை சமம். ஒருவர் சம்மதமின்றி மற்றவர் கொடுக்க முடியாது. மற்றவர் உயிரோடு இருக்கும்போது அவர் சம்மதம் தேவைப்படாத நிலைகள் மூன்றே: அவர் முழுத் துறவு பூண்டிருக்க வேண்டும், இந்துவாக இல்லாமல் போயிருக்க வேண்டும், அல்லது மனநிலை சரியில்லாதவர் என்று நீதிமன்றம் அறிவித்திருக்க வேண்டும். பல வருடமாகப் பிள்ளையை எட்டிப் பார்க்கவில்லை, ஜீவனாம்சம் கட்டவில்லை என்பதெல்லாம் இந்தப் பட்டியலில் இல்லை. கேட்க வலிக்கிறது, ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

பத்திரம் பதிவாகிவிட்டாலே போதும் என்று நினைக்கவும் கூடாது. பதிவு, தத்து முறைப்படி நடந்தது என்ற அனுமானத்தைத் தரும். அந்த அனுமானத்தை உடைக்கலாம். நாளை சொத்துத் தகராறு வரும்போது எதிர்த்தரப்பு முதலில் தேடுவது அந்த விடுபட்ட கையெழுத்தைத்தான்.

அவர்களிடம் பத்திரத்தைத் திருத்தச் சொன்னேன். தந்தையும் பத்திரத்தில் ஒரு தரப்பாகச் சேர வேண்டும். யார், யாருக்குத் தத்துக் கொடுக்க அவர் சம்மதிக்கிறார் என்பதும், இனி பிள்ளையைப் பார்க்கும் உரிமையும் பராமரிக்கும் கடமையும் அவருக்கு இல்லை என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். அவரோ கையெழுத்துக்கு மூன்று லட்சம் கேட்டார். கொடுக்கக் கூடாது என்று தடுத்தேன். தத்துக்காகப் பணமோ வெகுமதியோ கொடுப்பதும் வாங்குவதும் 17-ஆவது பிரிவில் குற்றம். ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. ஜீவனாம்ச பாக்கியை “விட்டுக்கொடுத்து” கையெழுத்து வாங்குவதும் இதே சிக்கலில்தான் மாட்டும். இதைச் சொன்ன பிறகு, அவருடைய வக்கீலே அவருக்குப் புரியவைத்து, பணமில்லாமல் கையெழுத்திட வைத்தார்.

இந்துக்கள் அல்லாதவர்கள் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் வழியில் போகலாம். மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான காராவின் இணையதளத்தில் பதிந்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு மூலம் விண்ணப்பித்தால், ஆட்சியர் ஆணை பிறப்பிப்பார். அங்கும் பெற்றவர் சம்மதம் கேட்பார்கள். கஸ்டடி வழக்கு நிலுவையில் இருந்தால், அது முடிந்த பிறகுதான் விண்ணப்பம் நகரும்.

தந்தை இறந்திருந்தால் அவருடைய இறப்புச் சான்றிதழ் போதும், தாய் தனியாகவே கொடுக்கலாம். தாத்தா, பாட்டியின் சம்மதம் சட்டப்படி தேவையில்லை.