சப்ளையர் லேட்டா, உங்கள் பட்டை அகலமா?

“ஹிஸ்டோகிராம் போட்டுப் பார்த்தாச்சு சார், இவர்தான் லேட்” என்று பர்ச்சேஸிலிருந்து வரும் ஃபைல்களுக்குக் கணக்கே இல்லை. எத்தனை நாளில் எத்தனை டெலிவரி என்று பட்டை பட்டையாக எண்ணிக் காட்டும் அந்தப் படத்தில் பாதிக்குமேல் பேசுவது சப்ளையர் அல்ல, நீங்கள் தேர்ந்தெடுத்த பட்டை அகலம், அதாவது ஒரு பட்டைக்குள் எத்தனை நாட்களை அடைக்கிறீர்கள் என்பது.

ஒரு கணக்கு போடுவோம். ‘அ’விடமிருந்து 20 டெலிவரி: 3 நாளில் 3, 4 நாளில் 5, 5 நாளில் 5, 6 நாளில் 3, மிச்சம் நான்கும் 12, 13, 14, 15 நாட்களில். ‘ஆ’விடமிருந்து 10: 5 நாளில் 2, 6 நாளில் 3, 7 நாளில் 3, 8 நாளில் 2. சராசரி முறையே 6.3, 6.5. கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பட்டைகளை 1–5, 6–10, 11–15 என்று வைத்தால் ‘ஆ’வின் பத்தில் எட்டு நடுப்பட்டைக்குப் போய்விடும், மனிதர் மந்தமாகத் தெரிவார். 1–4, 5–8 என்று மாற்றினால் அதே பத்தும் ஒரே பட்டையில் கச்சிதமாக உட்காரும். போதாததற்கு, உயரம் எண்ணிக்கையைக் காட்டுகிறது. 20-ஐயும் 10-ஐயும் பக்கத்தில் நிறுத்தினால் அதிக ஆர்டர் வாங்கியவர் உயரமாகத்தான் இருப்பார். உயரம் வேகமல்ல! சதவீதமாக்கினால் அது தீரும், அகலப் பிரச்சினை தீராது.

திரள் பரவல் கோட்டுக்கு, அதாவது இ.சி.டி.எஃப்-க்கு, பட்டையே தேவையில்லை. ஒவ்வொரு நாளுக்கும், அதற்குள் வந்து சேர்ந்த டெலிவரி எத்தனை பங்கு என்பதைக் குறிக்கிறோம். எக்செலில், நாட்கள் A2 முதல் A21 வரை இருந்தால்:

```
=COUNTIF($A$2:$A$21,"<="&A2)/COUNT($A$2:$A$21)
```

நாட்களை வரிசைப்படுத்தி, கோட்டைப் படிக்கட்டாக வரையுங்கள். சாய்கோடாக இழுத்தால் வராத சரக்கையும் வந்ததாகக் காட்டும்.

மேலே இருக்கும் கோடு வேகமானது. தாமதமானது என்று தலைகீழாகப் படிப்பவர்கள் ஏராளம். 6 நாளுக்குள் ‘அ’ 80%, ‘ஆ’ 50%. 7-ம் நாளில் இரண்டும் 80%. 8-ம் நாளில் ‘ஆ’ 100%. ‘அ’ 11-ம் நாள் வரை 80%-லேயே படுத்திருக்கிறது. 90%-ல் குறுக்கே பார்த்தால் ‘அ’வுக்கு 13 நாள், ‘ஆ’வுக்கு 8. கோடுகள் வெட்டிக்கொண்டால் “யார் மேல்” என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். எத்தனை நாளைக்கு ஸ்டாக் கையிருப்பு வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. அந்தப் படுத்த பகுதி, இரண்டு வகை ஆர்டர் கலந்திருக்கலாம் என்பதற்கான அறிகுறி. ஐட்டம்வாரியாகப் பிரித்துப் பாருங்கள். இந்த இரட்டைக் குவியலைக் கண்டுபிடிக்க மட்டும் ஹிஸ்டோகிராம் நல்லது.

இன்னும் வராத ஆர்டர்களைத் தயவுசெய்து தூக்கி எறியாதீர்கள். ‘ஆ’விடம் 9 நாள் தாண்டியும் வராத ஆர்டர் இரண்டு இருந்தால் வகுக்கும் எண் 10 அல்ல, 12. அப்போது 8 நாளில் 100% இல்லை, 83%தான். 2, 3 நாள் முன்பு போட்ட ஆர்டர்களும் நிலுவையில் இருந்தால் இந்த நேர்வகுத்தல் போதாது. நிலுவை ஆர்டர்களையும் அவை காத்திருந்த நாள் வரை கணக்கில் சேர்க்கும் கப்லான்–மையர் முறைக்குப் போங்கள். அப்புறம், பத்தே டெலிவரியில் ஒன்று தவறினாலே 10% சரியும். அதை வைத்து ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கிளம்பாதீர்கள்.