"ஒரு நல்ல நாள்கூட இல்லை" என்று அவர் சொல்வது நன்றிகெட்டதனம் அல்ல

ஒரே மாதத்தில் என்னிடம் வந்த மூன்றாவது குடும்பம் அது. "வேணும்னே பழசையெல்லாம் கிளறுறார் மேடம், நன்றியே கிடையாது" என்று மனைவி அழுதார். பக்கத்தில் கணவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. "கல்யாணமாகி இருபது வருஷத்தில் ஒரு நல்ல நாள்கூட இல்லை" என்று அவர் சொல்லிவிட்டாராம்.

அந்த அம்மா போனில் கொடைக்கானல் படங்களை எடுத்து அவர் முன்னால் நீட்டினார். அவர் பார்த்துவிட்டு, "அன்னைக்கு வண்டி பஞ்சராகி மழையில நின்னோம்" என்றார். பஞ்சரானது உண்மைதான்.

வேண்டுமென்றே கிளறுகிறார் என்ற பேச்சை தயவுசெய்து விடுங்கள். அவர் தேடிப் போகவில்லை. சோகத்தில் இருக்கும் மனதுக்குச் சோகமான நினைவுதான் சீக்கிரம் கைக்கு வரும். நல்லவை அழிந்துபோவதில்லை, வந்துசேர நேரமாகிறது, அவ்வளவுதான். வந்த நினைவு சோகத்தை இன்னும் கூட்டும், அது அடுத்ததை இழுத்துவரும். நன்றிக்கும் குணத்துக்கும் இதில் வேலையே இல்லை.

மனச்சோர்வு உள்ள சிலருக்கு ஒரே நாளுக்குள் சோர்வு ஏறி இறங்கும். பலருக்குக் காலையில் கடுமையாக இருக்கும், சாயங்காலம் சற்றுக் குறையும். 1982-இல் டேவிட் கிளார்க், ஜான் டீஸ்டேல் என்ற இரண்டு உளவியலாளர்கள் அப்படிப்பட்ட நோயாளிகளிடம் சாதாரணச் சொற்களைக் கொடுத்து, வாழ்க்கையில் நடந்த எது நினைவுக்கு வருகிறது என்று இருவேளையும் கேட்டார்கள். சோர்வு கூடிய வேளையில் வருத்தமான நினைவுகள் அதிகம் வந்தன, குறைந்த வேளையில் மகிழ்ச்சியானவை அதிகம் வந்தன. ஆளும் அதே ஆள், கடந்த காலமும் அதே கடந்த காலம்.

அந்தக் கணவரிடமும் அதையே பார்த்தேன். எட்டு வாரம் கழித்து, தூக்கமும் பசியும் திரும்பியபின், அதே படத்தைக் காட்டினேன். பஞ்சரைச் சொன்னார். அப்புறம், மழையில் பையன் சுட்ட சோளத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தின்றதையும் சொன்னார். யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை.

அதனால் வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்கிறேன். ஆல்பத்தைக் காட்டி வாதாடாதீர்கள். "நல்லதை நினைச்சுப் பாரு" என்று நெருக்காதீர்கள். முயன்றும் வராதபோது, தன்னிடம்தான் கோளாறு என்று அவர் முடிவு கட்டிவிடுவார். விவாகரத்து, வேலையை விடுவது, சொத்தைப் பிரிப்பது எல்லாம் சோர்வு தணியும்வரை காத்திருக்கட்டும். நோயாளியே படிக்கிறீர்கள் என்றால், அந்த எண்ணம் எந்த நேரத்தில் வந்தது என்று மட்டும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வாருங்கள். இனி வாழவே வேண்டாம் என்ற பேச்சு வந்தால், அன்றைக்கே அழைத்து வாருங்கள்.

இதைப் படித்துவிட்டு, "உன் நினைப்பெல்லாம் நோய்தான்" என்று யாரும் கிளம்பவும் வேண்டாம். மனநிலை எந்த நினைவு முதலில் வரும் என்பதை மாற்றுகிறதே தவிர, வந்த நினைவைப் பொய்யாக்குவதில்லை. அடி வாங்கியதாக ஒருவர் சொன்னால், அதைச் சோர்வின் கணக்கில் எழுதாமல் முதலில் முழுதாகக் கேளுங்கள்.