பால் குடித்தால் சளி கட்டுமா?

சளி பிடித்த பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கூடாது என்பதும், அதே பிள்ளைக்கு இரவில் மஞ்சள்தூளும் மிளகுத்தூளும் பனங்கற்கண்டும் போட்ட சூடான பால் கொடுக்க வேண்டும் என்பதும், ஒரே வீட்டில், பல வேளைகளில் ஒரே பாட்டியின் வாயிலிருந்தே வருகின்ற இரண்டு அறிவுரைகள். கேட்டால், மஞ்சளும் மிளகும் பாலின் குளிர்ச்சியை முறித்துவிடும் என்று விளக்கம் கிடைக்கும். உடலின் இயக்கத்தை வாதம், பித்தம், ஐயம் என்று வகுத்து, ஐயம் எனப்படும் கபத்தைக் குளிர்ச்சியோடு சேர்த்துப் பார்க்கும் சித்த மருத்துவ மரபுக்குள் அந்த விளக்கம் பொருந்தியே வருகிறது. இது நம் ஊரின் நம்பிக்கை மட்டுமன்று. 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த யூத மருத்துவர் மைமோனிடிஸ், ஆஸ்துமாவைப் பற்றி எழுதிய நூலில், பால் தலையை அடைக்கச் செய்யும் என்று எச்சரித்திருக்கிறார். ஒன்றோடொன்று தொடர்பில்லாத மக்கள் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள் என்றால், அவர்கள் எல்லாரும் ஏதோ ஒன்றை உண்மையாகவே உணர்ந்திருக்க வேண்டும். அவர்கள் உணர்ந்தது சளிதானா என்பதே கேள்வி.

சளி எங்கே உண்டாகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். மூக்கிலிருந்து நுரையீரலின் காற்றுக்குழாய்கள் வரை உள்ள உட்தோலில், கிண்ண வடிவிலான சுரப்பு உயிரணுக்களும், அவற்றுக்கு அடியில் சிறு சுரப்பிகளும் இருக்கின்றன. நோயே இல்லாத நாளிலும் அவை மெல்லிய சளியைச் சுரந்துகொண்டே இருக்கும். அதில் மிகப் பெரும்பகுதி தண்ணீர், மீதியில் உப்புகளும், வழவழப்பைத் தருகின்ற மியூசின் என்னும் புரதங்களும் உள்ளன. உள்ளே வரும் தூசியையும் கிருமியையும் ஒட்டிப் பிடித்து, நுண்ணிய மயிரிழைகளின் அசைவால் தொண்டைக்குத் தள்ளுவது அதன் வேலை. நாம் அறியாமலேயே அதை விழுங்கிவிடுகிறோம். வைரஸ் தொற்றும்போது அந்த உட்தோல் வீங்குகிறது, சுரப்பு பெருகுகிறது, வெள்ளையணுக்கள் வந்து சேர்வதால் சளி தடித்து மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுகிறது. நாம் குடிக்கும் பாலோ உணவுக்குழாய் வழியாக இரைப்பைக்குப் போய், அங்கே திரிந்து, குடலில் செரிமானம் ஆகிறது. பால் பாலாகவே மூக்குக்கும் மார்புக்கும் போய்ச் சளியாக மாற வழி இல்லை. எனினும், செரிமானத்தில் உண்டாகும் ஏதேனும் ஒரு பொருள் இரத்தத்தின் வழியே சென்று சுரப்பைத் தூண்டக்கூடும் என்று ஒருவர் வாதிடலாம். அதற்கு உடற்கூற்றை மட்டும் காட்டிப் பதில் சொல்ல முடியாது. சளியை அளந்துதான் பார்க்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்தில் ஓர் ஆய்வுக் குழு அதைத்தான் செய்தது. 1990இல் வெளியான அந்த ஆய்வுக்காக, 18 முதல் 35 வயது வரையிலான, நல்ல உடல்நிலையில் இருந்த 60 தன்னார்வலர்களுக்கு, சாதாரணச் சளியை உண்டாக்கும் ரைனோ வைரஸின் ஒரு வகை வேண்டுமென்றே செலுத்தப்பட்டது. தொடர்ந்து 10 நாள்களுக்கு, அன்றன்று குடித்த பாலின் அளவையும் உண்ட பால் பொருள்களையும், இருமல், மூக்கடைப்பு போன்ற தொல்லைகளையும் அவர்கள் குறித்து வந்தார்கள். அதோடு நிற்காமல், மூக்கிலிருந்து வெளிப்பட்ட சளியும் எடை போடப்பட்டது. மூக்கைச் சிந்திய தாள்களைச் சேர்த்து நிறுத்துப் பார்ப்பது அருவருப்பான வேலைதான். ஆனால் இந்த ஆய்வின் மதிப்பே அதில்தான் இருக்கிறது. சளி அதிகமாக இருப்பதாகத் தோன்றுவது வேறு, அது தராசில் அதிகமாக இருப்பது வேறு. இரண்டையும் தனித்தனியே பதிவு செய்ததால்தான் பின்னால் ஒரு சுவையான விஷயம் வெளிப்பட்டது.

முடிவில் 51 பேரின் விவரங்கள் பகுத்தாராயப்பட்டன. அவர்களுள் பாலைத் தொடாதவர்களும் இருந்தார்கள், ஒரு நாளைக்கு 11 கிளாஸ் வரை குடித்தவர்களும் இருந்தார்கள். ஒரு நாளில் வெளிப்பட்ட மூக்குச் சளியின் எடை, சிலருக்கு ஒன்றுமே இல்லை என்பதிலிருந்து, மிக அதிகமாக 30.4 கிராம் வரை வேறுபட்டது. பால் சளியைப் பெருக்கும் என்பது உண்மையானால், இவ்வளவு அகன்ற இரண்டு அளவுகளில், அதிகம் குடித்தவர்களிடம் எடையும் அதிகமாக இருந்திருக்க வேண்டும். அப்படி ஒரு தொடர்பு தென்படவில்லை. மூக்கடைப்புக்கும் பாலுக்கும் தொடர்பு இல்லை. பால் அதிகம் குடித்தவர்களிடம், இருமல் வந்தபோது அது வறட்டு இருமலாக இல்லாமல் சற்றுத் தளர்ந்த இருமலாக இருந்ததற்கான லேசான சாயல் மட்டும் தெரிந்தது. ஆனால் தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவுக்கு அது வலுவாக இல்லை.

பால் சளியை உண்டாக்கும் என்று நம்பியவர்களைத் தனியாக எடுத்துப் பார்த்தபோதுதான் அந்தச் சுவையான விஷயம் தெரிந்தது. நம்பியவர்கள், நம்பாதவர்களைவிட அதிக இருமலையும் அதிக அடைப்பையும் குறித்திருந்தார்கள். ஆனால் தராசில் அவர்களுடைய சளி கூடுதலாக இல்லை. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று இதற்குப் பொருள் கொள்வது அநியாயம். எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒரு தொல்லையை மனம் கூர்ந்து கவனிக்கிறது, கவனித்ததை நன்றாக நினைவிலும் வைக்கிறது. பால் குடித்த இரவில் இருமினால் காரணம் கையில் கிடைத்துவிடுகிறது; குடிக்காத இரவில் வந்த இருமலுக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை. மேலும், ரைனோ வைரஸ் சளி முதல் இரண்டு மூன்று நாள்களில் தானாகவே ஏறி, பிறகு தானாகவே இறங்கும். ஏறுகிற நாளில் குடித்த பாலுக்குப் பழி வருகிறது. ஒரு வேகத்தில் பாலை நிறுத்தியபின் இறங்கினால், நிறுத்தியதற்குப் புகழ் வருகிறது.

அப்படியானால் பால் குடித்தவுடன் தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டது போல் இருப்பது வெறும் கற்பனையா? இல்லை. அடிலெய்டு ஆய்வை நடத்திய ஆய்வாளர்களுள் ஒருவர், இன்னொருவரோடு சேர்ந்து 1993இல் வெளியிட்ட ஆய்வில் இதையும் சோதித்தார். நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பிரித்து, ஒரு சாராருக்குப் பசும்பாலையும், மறுசாராருக்கு, அதனோடு ஒப்பிட்டால் வேறுபாடே தெரியாதபடி சுவையும் தடிப்பும் சரிசெய்யப்பட்ட சோயா பானத்தையும், எது எதுவென்று சொல்லாமல் கொடுத்தார்கள். வாயிலும் தொண்டையிலும் படலம் படிந்த உணர்வு, அடிக்கடி விழுங்க வேண்டும் போலிருத்தல், எச்சில் தடித்துவிட்டது போலிருத்தல் ஆகிய மூன்றும் குடித்தபின் கூடியது உண்மை. ஆனால் சோயா பானம் குடித்தவர்களுக்கும் அவை அதே போலக் கூடின. ஆக, உணர்வு மெய்யானது. அது பசுவின் பாலுக்கு மட்டும் உரியதன்று, கொழுப்புத் துளிகள் விரவிய ஒரு தடித்த பானத்துக்கு உரியது.

இதன் பின்னால் இருக்கும் இயக்கமும் ஓரளவு விளங்குகிறது. பால் என்பது, நுண்ணிய கொழுப்புத் துளிகளும் கேசீன் புரதத் திரள்களும் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும் ஒரு கலவை. நம் எச்சிலிலும் மியூசின் இருக்கிறது. இத்தகைய துளிகள் எச்சிலோடு கலக்கும்போது ஒன்றோடொன்று சேர்ந்து சிறு திரள்களாகின்றன என்பதை உணவு அறிவியலாளர்கள் நுண்ணோக்கியில் கண்டிருக்கிறார்கள். அந்தத் திரள் நாவின் பின்புறத்திலும் தொண்டையிலும் சிறிது நேரம் தங்குகிறது. லண்டனின் குழந்தை நுரையீரல் மருத்துவர் இயன் பால்ஃபர்-லின், இந்த நம்பிக்கையைப் பற்றி 2018இல் எழுதிய கட்டுரையில், பாலுக்குப் பின் தொண்டையில் உணரப்படும் தடிப்புக்கு இதையே காரணமாகக் காட்டினார். சளி பிடித்திருக்கும்போது தொண்டை ஏற்கெனவே புண்பட்டும் வறண்டும் இருப்பதால், வழக்கமாகக் கவனத்துக்கு வராத அந்தப் படலம் அப்போது நன்றாக உறுத்துகிறது. வேறுபாட்டை வீட்டிலேயே ஓரளவு கண்டுகொள்ளலாம்: பாலை அடுத்து இரண்டு மிடறு வெந்நீர் குடித்தவுடன் மறைந்துவிடுகிற பிசுபிசுப்பு, பால் விட்டுச் சென்ற படலம், காற்றுக்குழாயில் சேர்ந்த சளி அவ்வளவு எளிதில் போய்விடாது. சூடான பால் குடித்தவுடன் மூக்கு ஒழுகுவதும் வேறு கணக்கு: சூடும் மிளகின் காரமும் மூக்கு நரம்புகளைத் தூண்டுவதால் வரும் ஒழுக்கு அது, ரசம் குடித்தாலும் வரும்.

இத்தனைக்கும் பிறகு வழக்கு முழுவதும் முடிந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. அடிலெய்டு ஆய்வில் நிறுக்கப்பட்டது மூக்குச் சளி. மார்புச் சளி நிறுக்கப்படவில்லை. பங்குகொண்டவர்கள் இளைஞர்கள், குழந்தைகள் இல்லை. யார் எவ்வளவு பால் குடிக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் விதிக்கவில்லை. அவரவர் விருப்பப்படி குடித்ததைத்தான் கணக்கெடுத்தார்கள். சிலவகைப் பசும்பாலில் உள்ள கேசீன் செரிக்கும்போது உண்டாகும் பீட்டா-காசோமார்ஃபின்-7 என்னும் சிறு புரதத் துண்டு சளிச் சுரப்பைத் தூண்டலாம் என்ற கருதுகோளும் 2010இல் முன்வைக்கப்பட்டது. அது குடலின் சுரப்பு உயிரணுக்களைத் தூண்டுவதற்கு ஆய்வுக்கூடச் சான்று உண்டு. அது குடலைத் தாண்டி, இரத்தத்தில் கலந்து, காற்றுக்குழாய் வரை சென்று அதே வேலையைச் செய்கிறது என்பதற்குத்தான் நிரூபணம் வேண்டும். 2019இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வு, மூக்கின் பின்புறம் எப்போதும் சளி தேங்குவதாக முறையிட்டவர்களைச் சில நாள்கள் பால் பொருள்கள் இல்லாமல் வைத்து, இடையில் ஒரு சாராருக்கு மட்டும் மறைவாகப் பசும்பாலைக் கொடுத்தது. பால் பெறாதவர்கள் சளி குறைந்ததாகச் சொன்னார்கள். மறைத்துக் கொடுத்த ஆய்வு என்பதால் இதை எளிதில் தள்ளிவிட முடியாது. எனினும், இங்கே அளவுகோல் தராசு அல்ல, அவர்களுடைய சொல். அவர்களும் வைரஸ் சளி பிடித்தவர்கள் அல்லர், நாள்பட்ட தொல்லை உடையவர்கள். நாள்பட்ட மூக்குச் சளி உள்ள ஒருவர் ஒரு வாரம் பாலை நிறுத்திப் பார்ப்பதில் தவறில்லை என்று இதை வைத்துச் சொல்லலாம். சளி பிடித்த குழந்தைக்குப் பால் கூடாது என்று சொல்ல இது போதாது.

குழந்தையின் விஷயத்தில் கணக்கு சற்றுத் தீவிரமானது. சளியும் காய்ச்சலுமாக இருக்கும்போது சோறு இறங்காத பிள்ளைக்குப் பெரும்பாலும் பால்தான் உணவாகவும் நீராகவும் இருக்கிறது. அதையும் நிறுத்தினால் நீர்ச்சத்து குறைந்து, இருக்கிற சளியும் கெட்டிப்படும். தாய்ப்பாலை எந்தச் சளிக்காகவும் நிறுத்தக் கூடாது. மூக்கடைப்பால் குழந்தை உறிஞ்சத் திணறினால், ஊட்டுவதற்கு முன் உப்பு நீர்ச் சொட்டு மருந்தை மூக்கில் விட்டு அடைப்பை நீக்கி, சிறிது சிறிதாகப் பல தடவை கொடுப்பதே வழி. இருமி இருமிப் பாலை வாந்தி எடுக்கும்போது கூடவே சளியும் வருவதைப் பார்த்து, பால் சளியாகிவிட்டது என்று பலர் அஞ்சுகிறார்கள். குழந்தைக்குச் சளியைத் துப்பத் தெரியாததால் அது விழுங்கிய சளியே அப்படி வெளிவருகிறது.

பாலை உண்மையாகவே விலக்க வேண்டிய குழந்தைகளும் இருக்கிறார்கள். அவர்கள் பால் புரத ஒவ்வாமை உள்ளவர்கள். அதை அடையாளம் காண்பதற்குச் சளியை மட்டும் பார்த்தால் போதாது. சளி இல்லாத நாளிலும், பால் குடித்த சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தோலில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சில் விசில் போன்ற ஒலி ஆகியவை மறுபடி மறுபடி வருகின்றனவா என்று கவனிக்க வேண்டும். மூச்சுத் திணறலோ உதடு வீக்கமோ வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். உடனே எதுவும் வராமல், மலத்தில் இரத்தம், எடை ஏறாமை என்று மெதுவாகத் தெரிகின்ற வகையும் உண்டு. இவற்றுள் எது தென்பட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்; அவரைக் கேட்காமல் பாலை நிரந்தரமாக விலக்கிவிடக் கூடாது, ஏனெனில் அந்த வயதில் பாலுக்கு ஈடாக எதைக் கொடுப்பது என்பதையும் அவரே சொல்ல வேண்டியிருக்கும்.