அந்த எண் கடைக்கு வருவதே இல்லை

டொராண்டோவில் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கும் ஒருவர், ஒரு பாத்திரக் கடையின் இணையதளத்தில் 84 டாலருக்குக் குக்கர் ஒன்றைப் பிடித்துப்போய் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முகவரிப் படிவத்தை நிரப்பவில்லை, பர்ஸிலிருந்து கார்டை எடுக்கவுமில்லை. ‘ஆப்பிள் பே’ பட்டனைத் தொட்டு, ஐபோனின் பக்கவாட்டுப் பொத்தானை இரண்டு முறை அழுத்தி முகத்தைக் காட்டுகிறார்; ஆர்டர் முடிந்துவிட்டது. கடைக்குப் பெயர், முகவரி, போன் எண் எல்லாம் வந்துவிடுகின்றன. கார்டு எண் மட்டும் வரவில்லை. அதை யாரும் வழியில் மறைக்கவில்லை. அவருடைய போனிலேயே அந்த எண் சேமிக்கப்படவில்லை.

அவர் முதன்முதலில் விசா கார்டைப் போனில் சேர்த்த நாளில்தான் இதற்கான ஏற்பாடு நடந்தது. கார்டு எண் குறியாக்கம் செய்யப்பட்டு விசாவுக்கும் அவருடைய வங்கிக்கும் போனது. வங்கி சம்மதித்ததும் அதற்குப் பதிலாக வேறொரு எண் திரும்பி வந்தது. பார்த்தால் கார்டு எண் போலவே இருக்கும், ஆனால் அந்த ஒரு போனுக்கு மட்டுமே உரியது. இதுதான் டோக்கன். போனுக்குள் செக்யூர் எலிமென்ட் என்ற தனிச் சிப்பில் இது உட்கார்ந்துகொள்கிறது, கூடவே ஒரு ரகசியச் சாவியும். எந்த டோக்கன் எந்தக் கார்டுக்கு உரியது என்ற பதிவேடு விசாவின் கையில்.

இனி பட்டனைத் தொட்ட பிறகு நடப்பதைப் பார்ப்போம். முதலில் முகவரி. அனுப்பும் செலவைக் கணக்கிடக் கடைக்கு ஊர் தெரிய வேண்டும். ஆனால் வாங்குபவர் இன்னும் ‘சரி’ சொல்லவில்லை, பாதியில் மூடிவிட்டும் போகலாம். அதனால் இந்தக் கட்டத்தில் கடைக்குக் கிடைப்பது இவ்வளவுதான்:

```
"locality": "Toronto",
"administrativeArea": "ON",
"postalCode": "M1B",
"countryCode": "CA"
```

தெருப் பெயரும் வீட்டு எண்ணும் கிடையாது. கனடாவின் ஆறு எழுத்து அஞ்சல் குறியீட்டில்கூட முதல் மூன்றுதான். கடை இதை வைத்து 12 டாலர் அனுப்பும் செலவு என்று பதில் சொல்ல, திரையில் மொத்தம் 96 ஆகிறது. முகத்தைக் காட்டி ஒப்புதல் தந்த பிறகுதான் முழு முகவரி போகிறது. முழுக் குறியீட்டை எதிர்பார்த்து எழுதப்பட்ட சில கடைகளின் மென்பொருள் ‘M1B’யைப் பார்த்ததும் ‘இந்த முகவரிக்கு அனுப்ப முடியாது’ என்று சொல்லிவிடும். முகவரி சரியாக இருந்தும் இப்படி வந்தால் கோளாறு பெரும்பாலும் இங்கேதான்.

ஒப்புதல் கிடைத்த கணத்தில் சிப் தன் ரகசியச் சாவியைக் கொண்டு, இந்தப் பரிவர்த்தனைக்கு மட்டும் செல்லும் ஒரு குறியீட்டைக் கணக்கிடுகிறது. ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போகும் ஓர் எண்ணிக்கையும் அதில் சேர்வதால், நேற்றைய குறியீடு இன்றைக்கு உதவாது. டோக்கன், குறியீடு, தொகை மூன்றும் பூட்டிய பொட்டலமாக ஆப்பிளின் சர்வருக்குப் போய், அங்கே அந்தக் கடைக்குரிய சாவியால் மறுபடி பூட்டப்பட்டு வருகின்றன. பெரும்பாலான கடைகள் அதைத் திறப்பதே இல்லை. பணம் வசூலித்துத் தரும் நிறுவனத்திடம் அப்படியே தள்ளிவிடுகின்றன. திறந்தாலும் உள்ளே இருப்பது டோக்கன்தான். அது விசாவைப் போய்ச் சேர்ந்து, குறியீடு சரிபார்க்கப்பட்ட பிறகே பதிவேட்டைப் புரட்டி உண்மையான எண்ணாக மாறுகிறது. வங்கி தரும் பதிலும் கடைக்கு டோக்கனின் பெயரிலேயே திரும்புகிறது.

ஆகவே கடையின் சர்வரை யாராவது சூறையாடினாலும் கிடைக்கும் டோக்கனைக் கொண்டு வேறிடத்தில் ஒரு சட்டைகூட வாங்க முடியாது. முகவரியும் போன் எண்ணும் போகும். அவற்றுக்கு இந்த முறையில் பாதுகாப்பு இல்லை. கெட்டிக்காரத் திருடனுக்குக் கடையைவிடக் கார்டைச் சேர்க்கும் அந்த முதல் நாள்தான் லாபம். ஏற்கெனவே திருடிய கார்டு எண்ணைத் தன் போனில் சேர்க்கப் பார்ப்பான், வங்கி அனுப்பும் ஓடிபியைக் கார்டுக்காரரிடம் நைச்சியமாகப் பேசி வாங்கிவிடுவான். அதன்பின் டோக்கன் அவன் போனில், முகமும் அவனுடையது. எதையும் வாங்காத நேரத்தில், கார்டைப் போனில் சேர்ப்பதற்கான ஓடிபி என்று குறுஞ்செய்தி வந்தால் அது இதுதான்.

எல்லா வேகப் பட்டன்களும் இப்படி வேலை செய்வதில்லை. ஷாப் பே, பேபால் போன்றவற்றில் முகவரியும் கார்டு விவரமும் அந்த நிறுவனத்தின் சர்வரில் இருக்கும். கார்டு எண் கடைக்குத் தெரியாது, ஆனால் நடுவில் இருப்பவருக்குத் தெரியும். கார்டு எண் கடையிடமும் நடுவில் இருப்பவரிடமும் தங்கக் கூடாது என்பதை இந்தியாவில் ரிசர்வ் வங்கி விதியாகவே போட்டுவிட்டது. 2022 அக்டோபர் 1 முதல் கார்டு தந்த வங்கியும் கார்டு நெட்வொர்க்கும் தவிர வேறு யாரும் எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது. இங்கே டோக்கன் கடைக்குக் கடை வேறு. ஒரே கார்டைப் பத்துத் தளங்களில் சேமித்தால் பத்து டோக்கன்.

குக்கரைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு சின்னத் தலைவலி வரலாம். கார்டின் கடைசி நான்கு இலக்கங்களைச் சொன்னால், ‘அப்படி ஒரு ஆர்டரே இல்லை’ என்று கடையில் சொல்வார்கள். அவர்களிடம் பதிவாகியிருப்பது டோக்கனின் கடைசி நான்காக இருக்கலாம். ஐபோனின் வாலட் செயலியில் கார்டு விவரங்களைத் திறந்தால் அந்த இலக்கங்களும் தெரியும். அவற்றைச் சொன்னால் ஆர்டர் கிடைத்துவிடும்.