காலி: வீட்டை விடும்போது இந்தச் சொல் எதைக் குறிக்கிறது?

"சார், 30ஆம் தேதி வீட்டைக் காலி பண்றோம்." வேலூர் சத்துவாச்சாரியில் வாடகைக்கு இருந்த என் தங்கை வீட்டுக்காரருக்கு அனுப்பிய செய்தி இவ்வளவுதான். 30ஆம் தேதி சாமான் வண்டியில் ஏறும் என்று நினைத்து அவள் எழுதினாள். அன்றைக்கே சாவி கைக்கு வந்துவிடும் என்று அவர் புரிந்துகொண்டார். 1ஆம் தேதி காலையில் பெயிண்டர் வந்து பூட்டிய கதவின் முன்னால் நின்றார். உள்ளே இன்னும் இரண்டு மூட்டையும் துடைக்காத சமையலறையும் இருந்தன.

தகராறுக்குக் காரணம் 'காலி' என்ற சொல்தான். 'வெறுமையான' என்ற பொருளுடைய அரபுச் சொல் இது. பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்தது. 18ஆம் நூற்றாண்டில் கர்நாடக நவாபுகளுக்குத் தலைநகராக இருந்த ஆற்காடு இங்கிருந்து பக்கம்தான். அதனால் இந்தச் சொல் எங்கள் பக்கத்தில் அந்நியமாகவே தெரியாது. "வீடு காலியா கீதா?" என்று கேட்பவருக்கு அது உருது என்று சொன்னால் சிரிப்பார். வாடகைப் பேச்சில் வரும் பாக்கி, வசூல், ரசீது எல்லாம் இதே வழியில் வந்த உறவுக்காரர்கள்தான். சாவி மட்டும் போர்த்துகீசியத்திலிருந்து வந்தது.

இதற்குத் தமிழில் சொல் இல்லாமலில்லை. 'ஒழித்துக் கொடுத்தல்' என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். பாத்திரத்தை ஒழித்துப் போடு, ஒழிந்த நேரத்தில் வா என்பதெல்லாம் இதே ஒழிதல்தான். ஆனால் இன்று 'உங்கள் வீட்டை ஒழிக்கிறேன்' என்று வீட்டுக்காரருக்கு எழுதினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பத்திரங்களில் 'காலி சுவாதீனம்' என்று எழுதுகிறார்கள். அதில் ஒரு பாதி அரபு, மறு பாதி சமஸ்கிருதம்.

என் கணக்கில் இங்கே வேண்டிய தமிழ்ச்சொல் 'ஒப்படைப்பு'. காலி என்பது வீட்டின் நிலையைச் சொல்கிறது. ஒப்படைப்பு என்பது ஒருவர் கொடுத்து மற்றவர் வாங்கும் நேரத்தைச் சொல்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். அந்த ஒரு மாதம் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதில் சண்டை வரக்கூடாது என்றால், ஒப்படைத்த தேதி எழுத்தில் இருக்க வேண்டும்.

மீட்டர் ரீடிங்கையும் அந்த நேரத்தில்தான் எடுக்க வேண்டும், சாமான் ஏற்றும்போது அல்ல. மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுக்கிறது. தங்கை வீட்டு வெள்ளை அட்டையில் அக்டோபர் 12ஆம் தேதிக் கணக்கு 4318 என்று இருந்தது. டிசம்பர் 2 மாலை சாவி கொடுத்தபோது மீட்டரில் 4512. ஆக அவள் பங்கு 194 யூனிட். ஆனால் பில் டிசம்பர் 12க்கு மேல்தான் வரும். அதற்குள் புதிதாக வருபவர் 60 யூனிட் ஓட்டினால் மொத்தம் 254. இலவச யூனிட்டும் படிப்படியாக ஏறும் கட்டணமும் மொத்தத்துக்குத்தான் கணக்காகும். எனவே 194ஐ மட்டும் தனி பில்லாகப் போட்டுப் பார்த்தால் இலவசம் முழுவதும் தங்கைக்கே போய், ஏறிய கட்டணம் புதியவர் தலையில் விழும். யூனிட் விகிதப்படி பிரிப்பதே நியாயம். பில் 508 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். யூனிட்டுக்கு 2 ரூபாய் ஆகிறது. தங்கைக்கு 388, புதியவருக்கு 120. பில் வரும் வரை முன்பணத்தில் ஒரு சின்னத் தொகையை நிறுத்திவைக்க இருவரும் ஒப்புக்கொண்டால் போதும்.

ரீடிங்கைப் படம் எடுக்கும்போது ஒரு கவனம் வேண்டும். டிஜிட்டல் மீட்டரின் திரை தேதி, நேரம், வோல்ட் என்று மாறிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் kWh என்று தெரியும் எண்தான் நமக்கு வேண்டியது. தங்கை முதலில் எடுத்த படத்தில் 231 என்று இருந்தது. அது வோல்ட். மீட்டர் எண்ணும் அதே படத்தில் விழுந்தால் பக்கத்து வீட்டு மீட்டர் என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

பெயிண்டர் திரும்பிப் போன அன்று மாலையே அவள் எழுதிய இரண்டாவது செய்தி இது:

"சார், சாமான் எல்லாம் நாளைக்குள் போய்விடும். நாளை, டிசம்பர் 2, மாலை 5 மணிக்கு வீட்டை ஒப்படைக்கிறேன். நீங்கள் இருக்கும்போதே ரீடிங் எடுத்துப் படம் அனுப்புகிறேன். 12ஆம் தேதி பில் வந்ததும் என் யூனிட்டுக்கு உள்ளதை முன்பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள். சாவி மொத்தம் மூன்று: கேட், வாசல், மாடிக் கதவு. சரி என்றால் பதில் போடுங்கள்."

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது: "சரிம்மா. ஆனா சாவி நாலு. மோட்டார் ரூம் சாவி உன்கிட்டதான் இருக்கு."