சுடிதார் பேண்ட்: முட்டியில் இறுகாமல், கணுக்காலில் சுருக்கம் நிற்க வேண்டுமென்றால்

சென்னையில் சுடிதார் என்றால் டாப், பேண்ட், துப்பட்டா சேர்ந்த முழு செட். ஆனால் அந்தப் பெயர் உண்மையில் பேண்ட்டுக்கு உரியது. இந்தியில் ‘சூடி’ என்றால் வளையல். கணுக்காலில் துணி வளையல் அடுக்கினாற்போல் சுருங்கி நிற்பதால் வந்த பெயர். அந்தச் சுருக்கம் சரியாக நிற்பதும், உட்கார்ந்தால் முட்டி பிடிக்காமல் இருப்பதும் அளவெடுக்கும்போதே முடிவாகிவிடுகின்றன. தைத்து முடித்தபின் பிரித்துச் சரிசெய்ய இதில் இடம் குறைவு.

கடைக்குத் திரும்பி வரும் சுடிதார் பேண்ட்டுகளில் பெரும்பாலும் ஒரே குறைதான்: “நின்னா நல்லா இருக்கு, வண்டியில உட்கார்ந்தா முட்டி இழுக்குது.” காரணம், முட்டிச் சுற்றை ஆளை நிற்கவைத்தே எடுத்திருப்பார்கள். முட்டியை மடக்கினால் சுற்றளவு ஓர் அங்குலம், சிலருக்கு ஒன்றரை அங்குலம்கூட ஏறும். அதனால் நாற்காலியில் உட்காரவைத்து, முட்டி செங்குத்தாக மடங்கியிருக்கும்போது டேப்பைச் சுற்றுங்கள். கெண்டைக்கால் சுற்றை நின்றபடியே எடுக்கலாம், ஆனால் குதிகாலைச் சற்று உயர்த்தச் சொல்லுங்கள். மாடிப்படி ஏறும்போது சதை திரளும் அளவு அதுதான். அதே நாற்காலியில் சீட் இறக்கத்தையும் எடுத்துவிடுங்கள்: பக்கவாட்டில் இடுப்பிலிருந்து, உடம்பின் வளைவோடு, பலகை மட்டம் வரை. மெத்தை வைத்த நாற்காலியில் ஆள் அமிழ்ந்துவிடுவார், அளவு குறைந்து வரும்.

இன்னொரு தவறு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. அளவெடுப்பவர் டேப்புக்குள் இரண்டு விரல் விட்டு எழுதுவார். வெட்டுபவர் அது தெரியாமல் தன் பங்குக்கு லூஸ் சேர்ப்பார். அல்லது இருவருமே மற்றவர் விட்டிருப்பார் என்று நினைத்துச் சேர்க்காமல் விடுவார்கள். டேப் உடம்பை அழுத்தாமல் தொட்டுக்கொண்டு இருக்கட்டும், உள்ளே விரல் வேண்டாம். நோட்டில் உடல் அளவு மட்டுமே இருக்க வேண்டும். லூஸ் சேர்ப்பது வெட்டும் மேசையில், ஒரே ஒருமுறை. பழைய துணி டேப் நீண்டிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். மாதம் ஒருமுறை இரும்பு ஸ்கேலோடு வைத்துப் பாருங்கள்.

அளவில் குதிகால் சுற்றை விட்டுவிடுபவர்கள் அதிகம். கணுக்காலை மட்டும் எடுத்தால் போதாது. குதிகாலின் பின்புறத்திலிருந்து பாதத்தின் மேல்மேடு வரை சாய்வாகச் சுற்றி ஓர் அளவு வேண்டும். பாதம் உள்ளே நுழையும் வழி அதுதான்.

இனி ஓர் அளவை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இடுப்பிலிருந்து கணுக்கால் எலும்பு வரை 38 அங்குலம், இடுப்பிலிருந்து முட்டி வரை 22, சீட் இறக்கம் 11, மடக்கிய முட்டி 16, கெண்டைக்கால் 14½, கணுக்கால் 9½, குதிகால் சுற்று 12½. துணி பாப்லின், கிராஸில், அதாவது நூல் போக்குக்கு 45 பாகை சாய்வில், வெட்டப் போகிறோம்.

மேலே நாடா கோக்கும் இடுப்புப் பட்டி 7 அங்குலம் என்றால், காலுக்கு 31 மிச்சம். சுருக்கத்துக்கு 5 அங்குலம் கூட்டினால் 36. மேல் தையலுக்கு அரை, அடி மடிப்புக்கு ஒன்று. ஆக 37½ அங்குலம் வெட்ட வேண்டும். சுருக்கத்துக்கு 4 முதல் 6 அங்குலம் வரை விடலாம். உயரம் குறைந்தவருக்கு 4 போதும், அதற்கு மேல் போனால் கணுக்கால் கனத்துத் தெரியும். சீட் இறக்கத்துக்கு 2 அங்குலம் சேர்த்து 13 வைக்கிறோம். அதில் பட்டி 7 போக 6, மேல் தையல் அரை சேர்த்து, கால் துண்டில் கவட்டை 6½ அங்குலத்தில் வரும். அந்த 2 அங்குலத்தைக் குறைத்தால் ஸ்கூட்டரில் காலைத் தூக்கும்போதும், பஸ் படியில் ஏறும்போதும் கவட்டைத் தையல்தான் முதலில் விடும். சென்னை வியர்வையில் பருத்தி தொடையில் ஒட்டிக்கொள்ளும். துணி வழுக்கி மேலேறாததால் இழுப்பு முழுவதும் அந்த ஒரு முடிச்சில் போய் விழும்.

முட்டிக் குறி, பட்டி போக 15, தையல் அரை சேர்த்து 15½ அங்குலத்தில். சுற்று 16க்கு ஓர் அங்குலம் லூஸ் விட்டு 17. இரு பக்கத் தையலுக்கும் சேர்த்து ஒன்று, மொத்தம் 18. மடித்த துணியில் 9 குறிக்க வேண்டும். கெண்டைக்கால் அதற்குக் கீழே நாலரை அங்குலத்தில், அதாவது 20இல். 14½க்கு அரை அங்குலம் லூஸ் போதும், தையலுக்கு ஒன்று சேர்த்து மடித்த துணியில் 8 வரும். கிராஸ் துணி தானே கொஞ்சம் விரிந்து கொடுப்பதால்தான் இவ்வளவு குறைவு. இதே அளவை நேர் நூலில் வெட்டினால் உட்கார முடியாது.

சுருக்கம் கெடுவது இதற்குக் கீழேதான். கெண்டைக்காலிலிருந்து துணியின் கடைசி வரை ஒரே சாய்கோடு போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கூட்டிய 5 அங்குலத்தாலும் சாய்வு நீண்டு, கணுக்காலுக்கு மேல் துணி அகலமாகவே நிற்கும். சுருக்கம் அடுக்காக நிற்காமல், இலாஸ்டிக் போன சாக்ஸ் மாதிரி சரியும். கணுக்கால் இயல்பாக வரும் இடம் 31½. அதற்கு மூன்றரை அங்குலம் மேலேயே, 28இல், அடிச்சுற்று அகலத்துக்கு வந்துவிடுங்கள். அங்கிருந்து அடி மடிப்பு வரை 8½ அங்குலம் நேர்க்குழாய். அந்தக் குழாய் காலில் மூன்றரை அங்குல இடத்தில் உட்கார வேண்டியிருப்பதால் மிச்சம் 5 அங்குலமும் அடுக்கடுக்காகச் சுருங்கும்.

அடிச்சுற்றைக் கணுக்காலுக்குப் பக்கமாக 10 என்று வைக்கத் தோன்றும். கீழே ஹூக் வைத்துத் திறப்பு விட்டால் போதும் என்று நினைப்போம். ஆனால் திறப்பு கடைசி 3 அங்குலத்துக்குத்தான். அதற்கு மேலே உள்ள குழாய் வழியாகவும் 12½ அங்குலக் குதிகால் போயாக வேண்டும். 11½ வைத்தால் கிராஸ் இழுவை மீதியைப் பார்த்துக்கொள்ளும். தையலுக்கு ஒன்று சேர்த்து மடித்த துணியில் 6¼. ஹூக் போடும்போது ஓரத்தை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி 10க்குக் கொண்டுவந்தால் சுருக்கம் பாதத்தில் இறங்காது. காலில் பிளாஸ்டிக் கவர் மாட்டினால்தான் பேண்ட் ஏறுகிறது என்றால் குழாய் குறுகிவிட்டது என்று அர்த்தம்.

துணியை வெட்டும் முன் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்து, நேர் நூல் போக்கில் இஸ்திரி போடுங்கள். கிராஸ் பார்க்க, கரையைக் குறுக்கு நூலோடு சேர்த்து மடித்தால் விழும் மடிப்பே 45 பாகை. அந்தக் கோட்டில் துணி இழுபடுவதைக் கையிலேயே உணரலாம். இரண்டு காலையும் ஒரே சாய்வில் வெட்டாவிட்டால் ஒரு கால் முறுக்கிக்கொண்டு உள்தையல் முன்பக்கம் வந்துவிடும்.

வெட்டிய கால் துண்டுகளை மேல்முனையில் கிளிப் மாட்டி ஓர் இரவு தொங்கவிடுங்கள். கிராஸ் துணி தன் எடையிலேயே நீண்டு, நீண்ட அளவுக்கு ஒடுங்கும். காலையில் நீளத்தையும் முட்டி அகலத்தையும் மறுபடி அளந்துவிட்டுத்தான் அடியைச் சீராக வெட்ட வேண்டும். கால் தையலைப் போடும்போது துணியை லேசாக இழுத்துப் பிடித்து ஓட்டுங்கள். இறுக்கமாகத் தைத்தால் துணி விரியும்போது நூல் விரியாது, முதல்முறை சம்மணம் போட்டதும் பட்டென்று அறும்.

ட்ரயல் பார்க்கும்போது நிற்கவைத்து மட்டும் பார்க்காதீர்கள். உட்காரச் சொல்லுங்கள். கணுக்காலில் ஒன்றிரண்டு சுருக்கமாவது மிச்சம் நின்றால் நீளம் சரி. சுருக்கம் அத்தனையும் அப்படியே இருக்க, முட்டி மட்டும் இறுகினால் குறை நீளத்தில் இல்லை. துணி முட்டியில் மாட்டிக்கொண்டு மேலேறாமல் நிற்கிறது. அப்போது உள்தையலில் முட்டியை ஒட்டிக் கால் அங்குலம் பிரித்து விட்டால் போதும்.