"கொஞ்சம்தான் ருசி பார்த்தேன்": பஃபே விருந்தின் கலோரிக் கணக்கு

உணவியல் ஆலோசகராக நான் பார்க்கும் உணவுக் குறிப்பேடுகளில், முகூர்த்த மாதங்களில் ஒரு வரி அடிக்கடி வரும்: "ரிசப்ஷன். எல்லாவற்றிலும் கொஞ்சம்." இலையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் என்னென்ன சாப்பிட்டோம் என்று ஓரளவு சொல்லிவிடுகிறார்கள். பஃபேயில் சாப்பிட்டவர்களால் முடிவதில்லை. தட்டு ஒருபோதும் நிறையாததால், சாப்பிட்டதாகவே மனதில் பதிவதில்லை.

அண்மையில் வந்த ஆசிரியை ஒருவர், "வீட்டில் சாப்பிடும் மூன்று இட்லி அளவுகூட இருக்காது மேடம்" என்றார். என்ன சாப்பிட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. மண்டபத்து வாசலிலிருந்து எந்த வரிசையில் நடந்தீர்கள் என்று கேட்டேன். நினைவு உணவைவிட இடத்தை நன்றாகப் பிடித்து வைத்திருக்கிறது.

வாசலில் ஒரு சிறிய டம்ளர் ஜூஸ், 80 கலோரி. காலிஃபிளவர் வறுவல் மூன்று துண்டு, 100. மைசூர்பாகு ஒரு கடி, 80. பாதாம் அல்வா ஒரு மேசைக்கரண்டி, 80. பிரியாணி மூன்று மேசைக்கரண்டி, 90. பாதிப் பரோட்டா, 130. அதற்குப் பனீர் குழம்பு, 60. தயிர்சாதம் சிறிது, 50. பாயசம் அரைக் கிண்ணம், 80. கிளம்பும்போது ஐஸ்கிரீம், 110. கூட்டினால் 860. அவருடைய மூன்று இட்லியும் சாம்பாரும் சட்னியும் சேர்ந்தே ஏறத்தாழ 300தான்.

இதில் சரிபாதி, 430, இனிப்பிலும் பானத்திலும் வந்தது. அவர் "சாப்பாடு" என்று எண்ணியதில் இவை எதுவும் இல்லை.

இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உணவில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பாருங்கள். தயிர்சாதம்போல் ஈரமும் குழைவும் உள்ளதில் ஒரு மேசைக்கரண்டிக்கு 15 முதல் 20 கலோரி. நெய்யோ எண்ணெயோ சேர்ந்த சாதத்துக்கும் கெட்டிக் குழம்புக்கும் 30. அல்வா, மைசூர்பாகு போன்றவற்றில் தண்ணீர் மிகக் குறைவு. அந்த இடத்தைச் சர்க்கரையும் நெய்யும் பிடித்திருக்கின்றன. அதே கரண்டி அளவுக்கு 80 வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் தவறுவது கரண்டியில்தான். நான் சொல்லும் மேசைக்கரண்டி 15 மில்லி. பஃபேயில் பரிமாறும் கரண்டி அதைப்போல மூன்று, நான்கு மடங்கு பிடிக்கும். "ஒரு கரண்டி பிரியாணி" என்று யாராவது எழுதியிருந்தால், எந்தக் கரண்டி என்று கேட்காமல் நான் மேலே போவதில்லை.

சமையற்காரர் எவ்வளவு எண்ணெய் விட்டார் என்று நமக்குத் தெரியாது. ஆகவே 860 என்பதை 700க்கும் 1,000க்கும் இடையில் என்றே படிக்க வேண்டும். அந்தப் பிழையை விடப் பெரியது, மறந்துபோன ஜூஸும் ஐஸ்கிரீமும். இரண்டும் சேர்ந்தே 190. அதனால் வீடு திரும்பும் வழியிலேயே வாசலில் தொடங்கி வரிசையாக எழுதிவிடுங்கள். எண்களை மறுநாள் போட்டுக்கொள்ளலாம்.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் இந்தக் கூட்டுத்தொகையைப் பார்த்து மருந்தின் அளவை மாற்றக் கூடாது. அதற்கு வேண்டியது மாவுச்சத்தின் கணக்கு. இந்தப் பட்டியலையே உங்கள் மருத்துவரிடம் காட்டி, அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.